ஆறாவது மாத வாடகை

ஆகஸ்ட் முப்பத்தொன்று, காலை பத்து மணி நாற்பது நிமிடம். நேரம் சரியாக நினைவிருக்கிறது. அந்தக் குளிர்பதனக் கிடங்கின் அலுவலகச் சுவரில், கணக்கர் தலைக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. அவர் என் ரசீதைப் பார்த்துவிட்டு விரல்விட்டு எண்ணிய நேரம் முழுதும் என் கண் அதில்தான் இருந்தது.

"மார்ச்சு, ஏப்ரலு, மே, ஜூனு, ஜூலை, ஆகஸ்டு. ஆறு மாசம் சார்."

"அஞ்சுங்க," என்றேன்.

"ஆறு சார்."

நான் கணக்கு வாத்தியார். இருபத்தெட்டு வருடமாக அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். எட்டில் மூன்று போனால் ஐந்து. மார்ச்சில் உள்ளே போன மூட்டை ஆகஸ்டில் வெளியே வருகிறது என்றால் ஐந்து மாதம். மகளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவளும் அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் போட்டிருந்தாள்.

"மார்ச் இருபத்தேழாம் தேதி மத்தியானம்தானே இறக்கினோம்? மார்ச்சுல அஞ்சு நாளுதானேங்க?"

"அஞ்சு நாளும் மிஷினு ஓடுச்சுல்ல சார். உள்ள வர்ற மாசமும் முழு மாசம், வெளிய போற மாசமும் முழு மாசம். பின்னாடி போட்டிருக்கு பாருங்க."

ரசீதைத் திருப்பினேன். போட்டிருந்தது. ஐந்து மாதமாக என் மேசை இழுப்பறையில் இருந்த காகிதம். பின்பக்கத்தை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன்.

இருநூற்று எண்பது மூட்டை உருளைக்கிழங்கு. மூட்டைக்கு மாதம் இருபத்திரண்டு ரூபாய் வாடகை. ஒரு மாதத்துக்கு ஆறாயிரத்து நூற்றறுபது. ஐந்து மாதம் என்றால் முப்பதாயிரத்து எண்ணூறு, ஆறு மாதம் என்றால் முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. அதற்கு மேல் ஏற்றுக்கூலி மூட்டைக்கு ஒன்பது ரூபாய். உள்ளே போனபோது ஒரு தரம் கொடுத்தாயிற்று. வெளியே எடுக்க இன்னொரு தரம், இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. மகள் என் கையில் முப்பத்தைந்தாயிரம் கொடுத்து அனுப்பியிருந்தாள். குறைந்ததை என் போனிலிருந்து கட்டினேன். அவளிடம் சொல்லவில்லை.

அதைச் சொல்லியிருந்தால் மீதி எதுவும் நடந்திருக்காது.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் மூன்று வருடம் இருந்தாள். பிறகு ஒரு பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. முதலில் ஊரைச் சுற்றியுள்ள நாலைந்து மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் உருளைக்கிழங்கு. எங்கள் பக்கம் நெல்லைத் தவிர எதுவும் மூட்டையில் வராது. ஒரு கிழங்கு விளைந்து பார்த்தவர் கிடையாது. ஆனால் சாப்பிடாத வீடு கிடையாது. மார்ச்சில் வடக்கேயிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும்போது விலை விழுகிறது, ஆவணி முகூர்த்தத்துக்கும் புரட்டாசிக்கும் ஏறுகிறது, புரட்டாசியில் பாதி ஊர் கறி சாப்பிடாது என்று அவள் ஒரு வருடம் முழுவதும் மார்க்கெட்டில் நின்று பார்த்து எழுதி வைத்திருந்தாள். கிலோ பதினேழு ரூபாய்க்கு வாங்கினாள். பதினாலாயிரம் கிலோ. இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். பாதி அவளுடைய சென்னைச் சேமிப்பு. மீதி, ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் கையெழுத்துப் போட்டு எடுத்த கடன்.

"இது நிக்கலைன்னா நான் பழைய வேலைக்கே போயிடறேம்ப்பா," என்று அன்று சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஐந்து மாதமும் காதில் இருந்தது.

வாங்குபவர் தயாராக இருந்தார். திருவாரூரில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். புரட்டாசிக்காக மொத்தத்தையும் கிலோ இருபத்தேழு ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகப் பேசியிருந்தார். அன்று சந்தையில் விலை பத்தொன்பதுதான். ஆனால் அது போன வாரம் வந்து இறங்கிய பச்சைக் கிழங்கின் விலை, தோல் உரிந்துகொண்டிருக்கும், நான்கு நாள் தாங்காது. எங்களுடையது நன்றாக முற்றிய கிழங்கு, கெட்டித் தோல். அந்தத் தோலுக்குத்தான் எட்டு ரூபாய் அதிகம். மகள் அன்று அவர் மண்டியில் மூட்டைகளுக்கு இடம் ஒதுக்கத் திருவாரூர் போயிருந்தாள். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, திருச்சி போகும் சாலையில் இருந்த கிடங்குக்கு வந்திருந்தேன். பணம் கட்ட வேண்டும், கேட் பாஸ் வாங்க வேண்டும், லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

பணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போனேன். அங்கே ஏற்று இறக்குக்குப் பொறுப்பான மேஸ்திரி ஒருவர் இருந்தார். ஆகஸ்ட் வெயிலில் தலையில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர். அறைக்குள் மூன்று டிகிரி, வெளியே முப்பத்தாறு; ஒரு நாளைக்கு நாற்பது முறை இரண்டுக்கும் நடுவே போய் வருகிறவர்.

"இன்னிக்கு எடுக்க முடியாது சார்," என்றார்.

கிடங்கின் முன்னால் பெரிய கூடம் ஒன்று உண்டு. அறையிலிருந்து எடுக்கும் மூட்டையை நேரே வெளியே கொண்டுபோக மாட்டார்கள். அந்தக் கூடத்தில் பிரித்துக் கொட்டி, மின்விசிறி போட்டு, ஒரு பகல் ஒரு ராத்திரி ஆற விட்டுத்தான் ஏற்றுவார்கள். மாதக் கடைசி என்பதால் கூடம் நிறைந்திருந்தது. யாரோ ஒருவருடைய புளி, யாரோ ஒருவருடைய மிளகாய், எல்லோருக்கும் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வெளியே போக வேண்டும். எங்கள் மூட்டையை முந்தின நாளே கொட்டி வைக்கச் சொல்லி மகள் போன் செய்திருந்தாள்; இடம் கிடைக்கவில்லை.

"நாளைக்குக் காலையில கூடம் காலியாவும். நாளைக்கு ஆறப்போட்டு நாளன்னைக்கு ஏத்திக்கலாம்."

"அப்ப செப்டம்பர் வாடகை?"

"அத ஆபீஸ்ல கேளுங்க."

ஆபீஸில் கேட்டேன். "ஒண்ணாந்தேதி ஆயிட்டா முழு மாசம் சார். ஆறாயிரத்து நூத்தி அறுவது," என்று சிரிக்காமல் சொன்னார் கணக்கர்.

மகளுக்குப் போன் செய்தேன். கூடம் காலி இல்லை என்பதை மட்டும் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கட்டிட்டு வாங்கப்பா. நாளன்னைக்கு எடுத்துக்கலாம். நான் இங்க சொல்லிக்கிறேன்."

"ஆறாயிரம்மா."

"பரவால்லப்பா. கிலோவுக்கு அம்பது காசுகூட வராது."

சரி என்றேன். அவளுக்கு அது ஓர் ஆறாயிரம். எனக்கு அது இரண்டாவது ஆறாயிரம். முதலாவது என் வாயால் போனது, அவளுக்குத் தெரியாது. கிடங்கு வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு பன்னிரண்டாயிரத்து முந்நூற்று இருபதைப் பதினாலாயிரத்தால் வகுத்தேன், பிறகு வாடிப்போன எடையைக் கழித்து மறுபடி வகுத்தேன், பிறகு சங்கத்துக் கடனின் மாதத் தவணையால் வகுத்தேன். எதால் வகுத்தாலும் அது சின்னத் தொகையாக மாறவில்லை. லாரி வேறு வாசலில் நின்றது. ஓட்டுநர் அரை மணிக்கு ஒரு தரம் வந்து, "சார், ஏத்துறமா இல்லையா, வெயிட்டிங் போட்டுக்கவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு மேஸ்திரியிடம் போனேன்.

"நேரா லாரியில ஏத்திட்டா என்ன?"

குல்லாயைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வேர்த்துக் கொட்டும் சார்."

"யாருக்கு?"

"கிழங்குக்கு! ஐஸ் பெட்டியிலேர்ந்து சோடா பாட்டில் எடுத்து வெளிய வெச்சா தண்ணி கோத்துக்குதில்ல? அது மாதிரி ஒவ்வொரு கிழங்கும் கோத்துக்கும். பாட்டில தொடச்சுக்கலாம். சாக்குக்குள்ள இருக்கறத யாரு தொடைக்கிறது?"

"திருவாரூருக்கு மூணு மணி நேரம். போனதும் பிரிச்சுக் கொட்டிடுவாங்க."

"வாத்தியாரா நீங்க?"

"ஆமா."

"அதான்," என்றார். "லோடு உங்களுது. சொன்னா ஏத்துறோம். வேர்த்துச்சுன்னு மட்டும் இங்க வந்துராதீங்க."

அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீராகப் படிவதைப் பக்கத்து வகுப்பில் அறிவியல் ஆசிரியர் வருடா வருடம் நடத்துவதை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். தெரிந்தேதான் ஏற்றச் சொன்னேன். ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தார்கள். மூட்டைகள் கதவைத் தாண்டும்போது சாக்கிலிருந்து வெள்ளையாய்ப் புகை எழுந்தது. தொட்டால் விரல் மரத்தது. காய்ந்துதானே இருக்கிறது என்று ஒவ்வொரு மூட்டையையும் தொட்டுத் தொட்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றரைக்கு மேற்கே வானம் கறுத்தது. ஓட்டுநர் தார்ப்பாயை எடுத்து மூடி, நான்கு பக்கமும் கயிறு இழுத்து இறுக்கிக் கட்டினார். நான்தான் இன்னும் இறுக்கச் சொன்னேன். மழை உள்ளே போய்விடக்கூடாது என்ற பயம். காற்றும் உள்ளே போகவில்லை.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மழை எங்களைத் துரத்தியே வந்தது, பெய்யவில்லை. தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் தூறல்கூட இல்லை. நாலு துளி விழுந்திருந்தால்கூட பிறகு ஏமாற்றிக்கொள்ள உதவியிருக்கும். மகள் இரண்டு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. "வேலையில் இருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பினேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே அது எப்போதும் மூடித்தான் இருக்கும். ஊர்க்காரர்கள் அதை வைத்துத்தான் டீ குடிக்கிறார்கள். ஓட்டுநர் இறங்கிப் போனார். போனவர் உடனே திரும்பி வந்து என் பக்கத்துக் கதவைத் தட்டினார்.

"சார், எறங்குங்க."

இறங்கினேன். மணி ஆறு இருக்கும், நல்ல வெளிச்சம். சாலை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. எங்கள் லாரிக்குக் கீழே மட்டும் நீளமாக ஈரம். பின்பலகையின் இடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழயே பெய்யல சார்," என்றார் ஓட்டுநர், என்னைக் கேட்பதைப்போல. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர், "என்னண்ணே, மீன் லோடா?" என்று குரல் கொடுத்தார்.

சக்கரத்தில் ஏறி, தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன். சாக்கு நனைந்திருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. ஐந்து மாதம் மூன்று டிகிரியில் கிடந்த மேல் சாக்கு இரண்டு மணி நேரத்தில் வெந்நீர்த் துணிபோல ஆகியிருந்தது. அந்த வாசனையை இப்போதும், ஈரச் சாக்கு எங்கே கிடந்தாலும், மூக்கு தேடிப் போகிறது.

ரயில் போய் முடிந்த பிறகுதான் மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து மாதம் ஆறு மாதம் ஆனதிலிருந்து. அவள் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் கேட்டாள்:

"ஆறாயிரத்து நூத்தி அறுவது ரூவாய்க்காப்பா?"

லாரியடியில் பரவிய ஈரத்தைச் செருப்பால் தேய்த்தேன். அவளே மேலே பேசினாள்:

"தார்ப்பாய மொதல்ல அவுக்கச் சொல்லுங்க. திருவாரூர் கொண்டுவராதீங்க. இந்த நிலமையில அவர் பாத்தாருன்னா அவ்வளவுதான். அங்கேயே எங்கயாச்சும் கொட்டணும். கூரை இருக்கணும், ஃபேன் இருக்கணும், வெயில் விழக்கூடாது. யாரத் தெரியும் உங்களுக்கு?"

எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். நீடாமங்கலத்துக்கு வெளியே அரிசி ஆலை வைத்திருப்பவர், அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நான் கணக்கு எடுத்திருக்கிறேன். குறுவை நெல் வரத் தொடங்கவில்லை. நெல் கிடங்கு காலியாக இருந்தது. நான் போன் செய்ததும் அவர், "உருளைக்கெழங்கா?" என்று மூன்று முறை கேட்டார். பிறகு, "கேட்டத் தொறந்து வெக்கிறேன், வாங்க," என்றார்.

தார்ப்பாயை அவிழ்த்து முடிப்பதற்குள் மகள் பஸ் பிடித்து ஆலை வாசலில் வந்து இறங்கினாள். என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. லாரியின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு மூட்டையாக இறக்கச் சொன்னாள். முதல் மூட்டையைப் பிரித்துத் தரையில் சரித்தபோது கிழங்குகள் கழுவி வைத்ததுபோல மின்னின. சிமென்ட் தரையெல்லாம் ஈரம் ஓடியது. அவள் ஒரு கிழங்கை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து, அமுக்கிப் பார்த்து, முகர்ந்து, கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

மறுநாள் காலையில் ஆலைக் களத்தில் நெல் துழாவுகிற பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நெல்லை வெயிலில் காய வைத்துப் பழகியவர்கள். முதலில் வந்தவர் கேட்டார், "எல்லாத்தயும் வெளில களத்துல போட்டுறலாமா? ஒரு வெயில்ல காஞ்சிரும்."

"வேண்டாம்க்கா, பச்சையாயிடும்," என்றாள் மகள்.

"கெழங்கு பச்சயாவுமா? அதிசயமால்ல இருக்கு! நெல்லுன்னா காயணும், இதுன்னா காயக்கூடாதா?"

"காயணும்க்கா. வெயில் படக்கூடாது, அவ்வளவுதான்."

"நம்ம ஊட்டுக்காரரு மாதிரி," என்றார் இன்னொருவர். கிடங்கே சிரித்தது. மகளும் சிரித்தாள். இரண்டு நாளில் அப்போதுதான்.

கிழங்கு ஒன்றின்மேல் ஒன்று படாமல் தரை முழுக்கப் பரப்பினார்கள். ஆலைக்காரர் எங்கெங்கிருந்தோ ஒன்பது மின்விசிறி கொண்டுவந்து வைத்தார். அழுகத் தொடங்கியதைப் பொறுக்கி வெளியே போட வேண்டும். ஒன்று போனால் பக்கத்தில் நான்கு போகும். லாரியின் நடுவில் இருந்த மூட்டைகள்தான் அதிகம் போயிருந்தன. நான் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு மூலையிலிருந்து ஒவ்வொரு கிழங்காகத் துடைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்து, "அய்யா, தோலு வழண்டு போவுது. நீங்க சித்த உக்காருங்களேன்," என்றார். உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஒதுக்கிய குவியலை எண்ணினேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணினேன். அன்றும் அடுத்த நாளும் அதுதான் என் வேலையாக இருந்தது. பள்ளிக்கு வயிற்றுவலி என்று சொல்லி விடுப்பை நீட்டினேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். ஒதுக்கியது போக பதின்மூவாயிரம் கிலோ இருக்கும். கிழங்கு விலை, ஆறு மாத வாடகை, இரண்டு தர ஏற்றுக்கூலி, லாரி, இப்போது பெண்களின் கூலியும் ஆலைக்காரர் வேண்டாம் என்றும் கேட்காமல் நாங்கள் கொடுத்த மின்சாரச் செலவும். எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"இருபத்து மூணு," என்றாள். "கிலோ இருபத்து மூணுக்குப் போனா முதல் வந்துரும். அதுக்குக் கீழ போச்சுன்னா நான் மெட்ராஸுக்கு டிக்கெட் பாக்கணும்."

"சந்தை விலை பத்தொம்பதுதானேம்மா."

"ஆமா."

"நான் வேணா அவர்கிட்ட பேசிப் பாக்கவா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பேசாம இருங்கப்பா. அதுதான் எனக்குப் பெரிய உதவி."

மண்டிக்காரருக்கு அவள் நடந்ததை மறைக்கவில்லை. வாத்தியாரான அப்பா ஆற விடாமல் ஏற்றிவிட்டார், லாரி வேர்த்துவிட்டது, இறக்கி ஆற வைத்திருக்கிறேன், நேரில் வந்து பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள் என்று போனில் சொல்லிவிட்டாள். அவர், "பாப்பம்," என்று மட்டும் சொல்லியிருந்தார். நாளைக்கு என்றார். நாளை வந்தது. காலை போயிற்று. பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒரு மணி வரை வரவில்லை. நான் ஆலை வாசலுக்கும் கிடங்குக்கும் நடந்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வெளியே போனேன். அது தவிட்டு லாரியாக இருந்தது, பால் வண்டியாக இருந்தது, யாரோ வழி கேட்கிறவராக இருந்தது. பெண்கள் காய்ந்த கிழங்கைப் புதுச் சாக்கில் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். மகள் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் ஒவ்வொன்றும் ஒரே அளவாக விழுந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டரை மணிக்கு ஒரு பழைய இருசக்கர வண்டியில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தி. கிடங்கின் நான்கு மூலைக்கும் போனார். தைத்து முடித்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். நடுவிலிருந்து ஒன்றை எடுத்தார், அடியிலிருந்து ஒன்றை எடுத்தார், கட்டைவிரலால் அமுக்கினார், கத்தியால் இரண்டாக வெட்டி வெளிச்சத்தில் பார்த்தார், நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு வெளியே போய், ஒதுக்கிய குவியலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதிலிருந்தும் ஏழெட்டை வெட்டினார். அதில் நன்றாக இருந்த ஒன்றை எடுத்து மகளிடம் காட்டினார்.

"இத ஏன் ஒதுக்கினீங்க?"

"ஒரு பக்கம் தோல் போயிருக்குண்ணே. அது துடைச்சதுல போனது. வெக்க முடியாது."

"யாரு தொடைச்சது?"

பெண்களில் ஒருவர் என்னைப் பார்த்தார். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள்.

"இருபத்தேழு பேசினோம்ண்ணே," என்றாள் மகள். "அது இப்ப இல்லைன்னு எனக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க."

அவர் கத்தியைச் சட்டைத் துணியில் துடைத்துப் பைக்குள் போட்டார். மூட்டைகளை ஒரு முறை கண்ணால் எண்ணினார். என் முன்னால் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"இருவத்தஞ்சு போட்டுக்கம்மா. வண்டி நாளைக்கு வரும். ஒரே ஒரு கண்டிஷன்: அடுத்த லோடு எடுக்கிற அன்னிக்கு வாத்தியாரு பள்ளிக்கூடத்துலயே இருக்கணும்."